ஒரு குறியீட்டுப் பட்டியலும் ஒரு பழைய கணக்குத் தாளும்

போன மாதம் முழுக்க நான் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கையில் ஒரு வேலை இருந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் குமாஸ்தா வேலை பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் இருந்த என் பழைய நண்பர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் போன் செய்து, "அண்ணா, மாமனார் காலத்துக் கணக்குத் தாள் ஒன்று இருக்கிறது, எங்கள் யாருக்கும் படிக்க வரவில்லை. அதோடு கூடவே கட்டி வைத்திருந்த ஒரு புத்தகத்தில் குறியீடுகளின் பட்டியல் இருக்கிறது. பேரன் போட்டோ எடுத்து அனுப்புவான், பார்க்கிறீர்களா?" என்றார். விஷயம் என்னவென்றால், அந்தத் தாளை வைத்து அந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருந்து வந்தது. நண்பரின் அப்பா மூத்தவர். அவர் தம்பியின் குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கில் வரவு மட்டும் எழுதிவிட்டார், திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று தம்பி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தாள்தான் அதற்குச் சாட்சி என்பது அவர்கள் பேச்சு. இரண்டு வீட்டிலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

போட்டோ வந்தது. அட்டை கிழிந்துபோன, பத்திர மாதிரிகளும் வாய்பாடும் சேர்ந்த ஒரு புத்தகம். அதில் எதிரெதிராக இரண்டு பக்கம். பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பத்தியில் குறி, அதற்கு வலதுபக்கம் அர்த்தம். பையன் கெட்டிக்காரன். போட்டோவைப் பார்த்துத் தானே கணினியில் ஏற்றி, அகர வரிசைப்படுத்தியும் அனுப்பிவிட்டான். "தாத்தா, சரியா என்று மட்டும் பாருங்கள்" என்றான். நான் பார்த்தேன். பாதிக்கு மேல் தப்பு. அவன் அவசரப்பட்டதால் வந்த தப்பு இல்லை. எங்கே தப்பு, ஏன் தப்பு என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு தாள் கிடக்கும்.

முதலில் இந்தக் குறிகள் எங்கிருந்து வந்தன என்று இரண்டு வார்த்தை. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்துக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு நாளில் நூறு தரம் எழுத வேண்டிய சொற்கள் சில உண்டு. வருடம், மாதம், தேதி, மேற்படி, வரவு, பற்று, ரூபாய். இவற்றை முழுக்க எழுதாமல் எழுத்துகளைச் சேர்த்து ஒரே இழுப்பில் முடித்தார்கள். ஓலை போய்க் காகிதம் வந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. அச்சுக்கூடங்களும் இவற்றுக்குத் தனி அச்செழுத்து வார்த்தன. பிறகு தட்டச்சு இயந்திரம் வந்தது. அதில் இத்தனை குறிக்கும் சாவி வைக்க இடமில்லை. அதனால் பார்வைக்கு எது கிட்டே வருமோ அந்த எழுத்தை அடித்தார்கள். வருடத்துக்கு ளு, மாதத்துக்கு மீ, தேதிக்கு உ, மேற்படிக்கு ஷை. பழைய கிரயப் பத்திரங்களில் "ஷை ஊர்", "ஷையார்" என்று பார்த்திருப்பீர்கள். அது ஏதோ வடமொழிச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்த குமாஸ்தாக்களையே நான் பார்த்திருக்கிறேன். மேற்படிக் குறி ஷ போலத் தெரிந்ததால் வந்த வினை அது. குறி ஒரு சொல்லாகவே மாறிவிட்டது.

பையன் செய்த முதல் தப்பு, போட்டோவில் இருந்ததை எடுத்து எழுதும்போதே நடந்தது. வலது பக்கத்துப் பத்தி இப்படிப் போகிறது: வருடம் ௵, மாதம் ௴, நாள் ௳, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺, பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲. இதில் மேற்படிக்கு நேரே அர்த்தம் நீளமாக இருந்ததால் "மேற்படி, முன்" என்று ஒரு வரியும் "சொன்னபடி" என்று அடுத்த வரியுமாக மடங்கி அச்சாகியிருந்தது. புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். போட்டோவில் பக்கம் நடுவில் வளைந்திருந்ததால் குறியும் அர்த்தமும் நேர்க்கோட்டில் இல்லை. பையன் குறிகளைத் தனியாகவும் அர்த்தங்களைத் தனியாகவும் மேலிருந்து கீழாக எடுத்து எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டான். அதனால் ரூபாய்க் குறிக்கு "சொன்னபடி" என்று அர்த்தம் வந்தது. எண்ணுக்கு ரூபாய், பத்துக்கு எண், நூறுக்குப் பத்து, ஆயிரத்துக்கு நூறு. கடைசியில் "ஆயிரம்" என்ற சொல் மட்டும் குறியில்லாமல் அனாதையாக நின்றது. அதை அவன் ஏதோ அச்சுப்பிழை என்று எடுத்துவிட்டான்.

இப்படிப்பட்ட தப்பு ஒருமுறை அகர வரிசைக்குள் போய்விட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. வரிசை மாறியதும் பக்கத்து வரி எது என்ற தடயம் அழிந்துவிடும். ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்ய வேண்டும். குறிகள் எத்தனை, அர்த்த வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லையானால் எங்கேயோ ஒரு வரி மடங்கியிருக்கிறது, அல்லது இரண்டு குறிக்கு ஒரே அர்த்தம் போட்டிருக்கிறார்கள். அடுத்து, சந்தேகமே இல்லாமல் நமக்குத் தெரிந்த குறி ஒன்றைப் பத்தியின் தலையிலும் நடுவிலும் காலிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே ௰ என்றால் பத்து என்பது எனக்குத் தெரியும். அது எண் என்று வந்ததுமே நழுவியது தெரிந்துவிட்டது. தலையில் இருக்கும் வருடம் சரியாக இருந்ததால், நழுவல் நடுவில்தான் என்றும் தெரிந்தது. மூன்றாவது, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எத்தனையாவது வரி என்று ஒரு முகவரி எழுதிவிட வேண்டும். வரிசை எப்படி மாறினாலும் அந்த முகவரி கூடவே போகும். பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். அலுவலகத்தில் கோப்புக்கு வரவு எண் போடுவதைப் போலத்தான்.

இரண்டாவது தப்பு, அகர வரிசை. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். எங்களுக்கு லரூஸ் அகராதியில் சொல் தேடுவது ஒரு பாடமாகவே இருந்தது. அங்கே எழுத்தின் தலையில் போடும் அக்ஸான் குறிகளை வரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை, மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். தமிழில் அப்படி இல்லை. தலையில் இருக்கும் புள்ளிதான் முதலில் பார்க்க வேண்டியது. அகராதியில் 'அக்கா' முன்னால் வரும், 'அகம்' பின்னால் வரும். புள்ளி வைத்த மெய் முதலில், அப்புறம்தான் உயிர்மெய்.

கணினி இதைச் சில சமயம் கவனிக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குள்ளே ஒரு எண் உண்டு. சொல்லிக் கொடுக்காவிட்டால் அந்த எண்ணின்படி அடுக்கிவிடும். அந்த எண் வரிசையில் ந-வுக்குப் பக்கத்திலேயே ன இருக்கும். ர-வுக்குப் பக்கத்தில் ற. ல-வுக்குப் பக்கத்தில் ள, அப்புறம் ழ, அப்புறம்தான் வ. ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் பாடியது ய ர ல வ ழ ள ற ன. அதனால் பையனின் பட்டியலில் 'நாள்' முதலிலும் 'நாழி' பிறகும் வந்திருந்தது. தமிழ் முறைப்படி ழ முன்னால், ள பின்னால். நாழி, நாள் என்றுதான் வர வேண்டும். அதேபோல 'பற்று' முன்னாலும், எடையைக் குறிக்கும் 'பலம்' பின்னாலும் இருந்தன. பலம், பற்று என்று மாற்றினேன். உங்கள் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது என்று சோதிக்க இந்த இரண்டு ஜோடியையும் பார்த்தால் போதும்.

அர்த்தத்தை வைத்து அகர வரிசையில் நான் திருத்திய பட்டியலில் முக்கியமான சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆயிரம் – ௲
எண் – ௺
கால் – வ போல இருக்கும்
நாள், தேதி – ௳
நூறு – ௱
பத்து – ௰
பற்று – ௶
மா, இருபதில் ஒரு பங்கு – ப போல இருக்கும்
மாதம் – ௴
மேற்படி – ௸
ரூபாய் – ௹
வரவு – ௷
வருடம் – ௵

பார்க்க அழகாகத்தான் இருந்தது. காரைக்காலுக்கு அனுப்பி வைத்தேன். மறுநாளே அந்த அம்மா போன் செய்தார். "அண்ணா, பட்டியல் நன்றாக இருக்கிறது. ஆனால் தாளில் உள்ள குறிக்கு அர்த்தம் தெரியாமல்தானே நான் தேடுகிறேன்? அர்த்தம் தெரிந்தால்தான் உங்கள் பட்டியலில் அதைக் கண்டுபிடிக்க முடியும் போலிருக்கிறதே!" என்றார்.

நாற்பது வருஷம் பதிவேடு எழுதியவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். குறியை எழுத விரும்புகிறவனுக்கு அர்த்தத்தின் வரிசை போதும். குறியைப் படிக்க விரும்புகிறவனுக்கு உருவத்தின் வரிசை வேண்டும். எந்த எழுத்தைப் போலத் தெரிகிறதோ அந்த எழுத்தின் கீழே குறியை வைக்க வேண்டும். ஆக, ஒரே விவரத்துக்கு இரண்டு பட்டியல்.

உருவப் பட்டியலைப் போட உட்கார்ந்தபோதுதான் வேலையின் உண்மையான கஷ்டம் தெரிந்தது. ஒரே உருவத்துக்குப் பல அர்த்தம். சின்ன வயதில் தமிழ் எண்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, மூன்றுக்கு ங, நாலுக்கு ச, ஐந்துக்கு ரு, ஆறுக்கு சு, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, ஒன்பதுக்கு கூ, பத்துக்கு ய. எண்கள் எல்லாமே எழுத்துகளின் சாயலில்தான் இருக்கின்றன. அப்படியானால் உ என்ற ஓர் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் தலையில் தனியாக நின்றால் பிள்ளையார் சுழி. சொல்லுக்குள் நின்றால் உகரம். தொகை எழுதும் இடத்தில் நின்றால் இரண்டு. ஓர் எண்ணுக்குப் பின்னால், மாதத்தின் பேரை ஒட்டி நின்றால் தேதி. நாலு அர்த்தத்தையும் எழுதினால் மட்டும் போதாது, எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று மூன்றாவது பத்தி ஒன்றும் போட வேண்டும். அது புத்தகத்தின் பட்டியலில் இல்லை. அந்தக் காலத்து வாசகருக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று அச்சிட்டவர் விட்டுவிட்டார்.

நான் போட்ட உருவப் பட்டியலில் சில வரிகள்:

அ போல – எட்டு (தொகையில்)
உ போல – பிள்ளையார் சுழி (தாளின் தலையில்), இரண்டு (தொகையில்), தேதி (எண்ணுக்குப் பின்)
எ போல – ஏழு (தொகையில்)
க போல – ஒன்று (தொகையில்)
ப போல – மா (நிலக் கணக்கிலும் பின்னத்திலும்)
மீ போல – மாதம் (மாதத்தின் பேருக்குப் பின்)
வ போல – கால் (முழு எண்ணுக்குப் பின்)
ள போல – ரா (மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதைத் தொடரின் சுருக்கத்தில்); நூறு (தொகையில்)
ளு போல – வருடம் (வருஷத்தின் பேருக்கோ எண்ணுக்கோ பின்)
ஷை போல – மேற்படி (பேருக்கு முன்)

ள வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கடிதங்களின் முகவரியில் ம-ள-ள-ஸ்ரீ என்று இருக்கும். அது மகாராஜராஜஸ்ரீ. நடுவில் இருக்கும் இரண்டும் ரா என்பதன் பழைய கூட்டு வடிவம். நூறைக் குறிக்கும் ௱ போலவே இருப்பதால், கணக்கு மட்டும் படித்துப் பழகியவர் அதை இருநூறு என்று நினைக்க இடம் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரெஞ்சுப் பத்திரங்களிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. நொத்தேர் எழுதிய பழைய பத்திரங்களில் செப்டம்பரை எழுதும்போது 7 என்ற எண்ணைப் போட்டு, அதன் மேலே 'ப்ர்' என்று கடைசி எழுத்துகளைச் சின்னதாக எழுதுவார்கள். ஏழாம் மாதம் என்று நினைத்து ஜூலை என்று பதிந்துவிட்டேன். என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஏழு என்பதற்கு பிரெஞ்சில் 'செத்' என்பார்கள் இல்லையா? அந்த உச்சரிப்புக்காகத்தான் 7. மாதத்தின் எண் இல்லை." அதேபோல 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர். பழைய ரோமானியக் கணக்கில் வருஷம் மார்ச்சில் தொடங்கியதால் அந்தப் பேர்கள் அப்படி நின்றுவிட்டன. குறியின் அர்த்தத்தைத் தனியாகப் படித்தால் தப்பு வரும், அது நிற்கும் இடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். தலையில் உ. அடுத்து தம்பியின் பேர், அதற்கு முன்னால் ம-ள-ள-ஸ்ரீ. ஆக, இது தம்பி பேரில் வைத்திருந்த ஏடு. அடுத்த வரி: விரோதி ௵ தை ௴ ௰௨ ௳. கையெழுத்தில் கடைசிப் பகுதி 'ய உ உ' என்று தெரிந்தது. பேரன் அதைப் பத்து, இரண்டு, இரண்டு என்று எடுத்து நூற்றிருபத்திரண்டோ என்று குழம்பியிருந்தான். முதல் உ இரண்டு, அடுத்த உ தேதி. பன்னிரண்டாம் தேதி. பத்து என்ற குறியை அடுத்து இரண்டு வந்தால் பழைய முறையில் பத்தும் இரண்டும் பன்னிரண்டு. குறிக்கு முன்னால் எண் வந்தால் பெருக்க வேண்டும், பின்னால் வந்தால் கூட்ட வேண்டும். ௨௰ என்றால் இருபது. ௰௨ என்றால் பன்னிரண்டு. 1954 என்பதை ௲௯௱௫௰௪ என்று எழுதுவார்கள்: ஆயிரம், ஒன்பது நூறு, ஐந்து பத்து, நாலு.

விரோதி வருஷம் 1949 ஏப்ரலில் பிறந்தது. தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்குக்கு 1950 ஜனவரி கடைசி. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது.

அடுத்து மூன்று தொகை, ஒன்றன் கீழ் ஒன்றாக. முதலில் ௹ ௰. இரண்டாவது ௹ ௮வ. மூன்றாவது ௹ ௬. கீழே கோடு போட்டு ௹ ௨௰௪வ. இரண்டாவது வரியைத்தான் வீட்டில் எல்லோரும் 'அவ' என்று படித்து, 'அவர்களுக்கு' என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். உருவப் பட்டியலைப் பாருங்கள். அ எட்டு, வ கால். எட்டேகால். ஔவையார் பேரில் வழங்கும் அந்தப் பழைய வசைப் பாட்டு உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். எட்டையும் காலையும் சேர்த்து ஒருவரை அவலட்சணம் என்று திட்டிய அதே விளையாட்டுதான் இது. ஆனால் ஞாபகத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது, கூட்டிப் பார்க்க வேண்டும். பத்தும் எட்டேகாலும் ஆறும் இருபத்து நாலேகால். அடியில் இருப்பதும் அதுவே. கூட்டுத்தொகை ஒத்துப்போனதால் வாசிப்பு சரி என்று உறுதியானது. கால் ரூபாய் என்றால் நாலணா. எங்கள் பக்கத்துப் பேச்சில் இரண்டு பணம். ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம் என்பது உங்களுக்கும் தெரியும்.

கடைசியில் மிஞ்சியது, தொகைக்கு முன்னால் இருந்த ஒரு குறி. அதுதான் விவகாரம். வரவா, பற்றா? தம்பி பேரில் உள்ள ஏட்டில் வரவு என்றால் தம்பியிடமிருந்து பணம் வந்தது என்று அர்த்தம். பற்று என்றால் தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு போனார் என்று அர்த்தம். ஒரு குறி மாறினால் குற்றவாளியே மாறிவிடுவார். மையும் மங்கியிருந்தது. ஒன்றின் தொடக்கம் ப சாயல், மற்றதன் தொடக்கம் வ சாயல். இந்தக் கையெழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

இந்த இடத்தில் புத்தகத்தின் பட்டியல் நமக்கு உதவாது. அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு. போதாததற்கு வரவுக் குறிக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் வழக்கில் இருந்திருக்கிறது. கணினிக்கான யூனிகோடு எழுத்துத் தொகுதியில் 2003-இல் வருடம், மாதம், பற்று, வரவு முதலான எட்டுக் குறிகளைச் சேர்த்தார்கள். பிறகு 2019-இல் பின்னங்கள், முகத்தல் அளவு, நிலம், காசு, பணம் என்று இன்னும் 51 குறிகளைச் சேர்த்தபோது, மரபான வரவுக் குறி என்றும் மரபான எண் குறி என்றும் இரண்டைத் தனியாகவே சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே அச்சில் உள்ள ஒரே ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அதனால் அந்த அம்மாவிடம், "இதே கையெழுத்தில் வேறு தாள் ஏதாவது இருக்கிறதா, தேடுங்கள்" என்றேன். மூட்டையைப் பிரித்து மேலும் ஏழு தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதில் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, ஒரு தாளில் வண்ணான், தச்சன் கூலி எல்லாம் எழுதி அதே குறி போட்டிருந்தது. கூலி வாங்கினவர்கள் வரவு வைக்க முடியாது. ஆக, இந்தக் கை பற்றை எப்படி எழுதும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு, அதே விரோதி வருஷம், தை மாதம், பன்னிரண்டாம் தேதி போட்ட நாள்வழித் தாள். அதில் செலவுப் பக்கத்தில் தம்பி பேர், ௹ ௨௰௪வ. அண்ணன் கையை விட்டுப் பணம் அன்று போயிருக்கிறது. தம்பி ஏட்டில் பற்று, நாள்வழியில் செலவு. இரண்டும் பொருந்துகிறது.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படியானால் மாமா கொடுத்திருக்கிறார்" என்றார். நான் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். இந்தத் தாள் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறது. அன்று இருபத்து நாலேகால் ரூபாய் கொடுத்ததாகக் கொடுத்தவர் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மற்ற வருஷக் குத்தகை என்ன ஆயிற்று என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் வாங்கினதற்கு இதுதான் சாட்சி என்று இத்தனை நாள் காட்டிய தாள், உண்மையில் கொடுத்ததற்கான சீட்டு. இதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுப் பேத்தி ஒருத்தி வந்து, இரண்டு பட்டியலையும் நகல் எடுத்துக்கொண்டு போனாளாம். அவர்கள் வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கிறதாம், அதை இவளே படித்துப் பார்க்கப் போகிறாளாம். நல்லது.

உங்கள் வீட்டிலும் இப்படித் தாள் இருந்தால், பட்டியல் தேடுவதற்கு முன்னால் அதே கையெழுத்தில் இருக்கும் எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். தனித்தனியாகப் பங்கு பிரித்துக்கொண்டு விடாதீர்கள். தெரியாத குறி ஒரு தாளில் நின்றால், தெரிந்த இடத்தில் அதே குறி இன்னொரு தாளில் இருக்கும். எங்கள் பட்டியல் தேவைப்படுகிறவர்கள் சொல்லுங்கள், இரண்டையும் அனுப்புகிறேன். ள வரியில் இன்னும் ஏதாவது அர்த்தம் விட்டிருந்தால் எனக்கும் எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.